உடையாத லென்ஸ், கீறாத லென்ஸ்: குழந்தையின் மூக்குக்கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூக்குக்கண்ணாடி உடைவதும் கீறல் விழுவதும் வேறு வேறு பிரச்சினைகள். அடி விழும்போது வளைந்து கொடுத்து அதிர்ச்சியை உள்வாங்கும் பொருள் எளிதில் உடையாது. ஆனால் அத்தகைய பொருளின் மேற்பரப்பு பெரும்பாலும் மென்மையாக இருக்கும், அதனால் கீறல் சீக்கிரம் விழும். கீறலைத் தாங்கும் கடினமான பொருள் அடி விழுந்தால் நொறுங்கிவிடும். எவர்சில்வர் தட்டில் கீறல் விழும், ஆனால் உடையாது. பீங்கான் தட்டில் கீறல் விழாது, ஆனால் கை தவறினால் போயிற்று. லென்ஸ் பொருள்களிலும் இதே நிலைதான். இரண்டு குணமும் முழுமையாகச் சேர்ந்த பொருள் இதுவரை கடைக்கு வரவில்லை.

எனவே அடிக்கடி கண்ணாடியைப் பாழாக்கும் குழந்தைக்கு வாங்கும்போது முடிவுகளைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். லென்ஸின் பொருளைக் கண்ணின் பாதுகாப்பை வைத்து முடிவு செய்ய வேண்டும். கீறலைக் கோட்டிங்கையும் துடைக்கும் பழக்கத்தையும் கொண்டு சமாளிக்க வேண்டும். பிரேமைப் பழைய கண்ணாடி எந்த இடத்தில், எப்படி உடைந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ‘நல்ல கண்ணாடியாகக் கொடுங்கள்’ என்று கேட்டால், விலை கூடும். பிரச்சினை அப்படியே இருக்கும்.

லென்ஸின் பொருள்

பழைய காலத்து அசல் கண்ணாடி லென்ஸில் கீறல் எளிதில் விழாது. ஆனால் அது கனமானது, உடைந்தால் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது.

இன்று கடைகளில் ‘ஃபைபர் லென்ஸ்’ என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக். 1940களில் அமெரிக்காவில் உருவான இந்தப் பொருள், அசல் கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். பார்வை மிகத் தெளிவாகத் தெரியும், விலையும் குறைவு. கோட்டிங் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸ்களை ஒப்பிட்டால் கீறலை ஓரளவு தாங்கும். ஆனால் பலமான அடி விழுந்தால் இதுவும் உடையும், துண்டுகளின் ஓரங்களும் கூர்மையாகவே இருக்கும். ‘ஃபைபர்தான், உடையாது’ என்று கடையில் சொல்வது, அசல் கண்ணாடியோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதைக் குழந்தையின் கண்ணுக்குப் போதுமான உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது பாலிகார்பனேட். கடைக்காரர்கள் சுருக்கமாக ‘பாலி’ என்பார்கள். 1950களில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் பிளாஸ்டிக், 1970களின் இறுதியில் கண்ணாடி லென்ஸாக வந்தது. அடி விழும்போது இது நொறுங்காமல் குழிந்து வளைந்து கொடுக்கும். எடையும் சி.ஆர்.39ஐவிடக் குறைவு, புற ஊதாக் கதிரைத் தனிக் கோட்டிங் இல்லாமலேயே தடுத்துவிடும்.

இதன் வலிமையை உணர அமெரிக்காவின் இரண்டு சோதனைகளைப் பார்க்கலாம். அங்கே சாதாரணமாக விற்கப்படும் எந்த லென்ஸும், சுமார் 16 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமல் இருக்க வேண்டும். தக்க தடிமன் இருந்தால் ஃபைபர் லென்ஸும் இதில் தேறிவிடும். ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான உயர்தரச் சோதனையில், கால் அங்குல எஃகுக் குண்டு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் லென்ஸின் மேல் சுடப்படுகிறது. 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் இதைத் தாங்கும். அதே தடிமனுள்ள ஃபைபர் தாங்காது.

பாலிகார்பனேட்டுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அதன் மேற்பரப்பு மிக மென்மையானது. நகம் பட்டாலே தடம் விழும் என்பதால் ஹார்ட் கோட் இல்லாமல் அதை விற்பதே இல்லை. இரண்டாவது, ஒளியை நிறங்களாகச் சற்று அதிகம் பிரிக்கும். லென்ஸின் ஓரத்தின் வழியாகப் பார்க்கும்போது டியூப்லைட்டின் விளிம்பில் மெல்லிய நீலமோ ஆரஞ்சோ தெரியலாம். பவர் கூடக் கூட இது கூடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில நாட்களில் பழகிவிடும். ஓரத்தால் பார்க்காமல் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுவார்கள்.

இந்த இரண்டாவது குறை பெரிதும் குறைந்த பொருள் டிரைவெக்ஸ். 2001இல் சந்தைக்கு வந்தது. அடியைத் தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்கு நிகராக நிற்கும். பார்வைத் தெளிவில் ஃபைபருக்கு அருகில் வரும். லென்ஸ் பொருள்களிலேயே மிக இலேசானவற்றுள் ஒன்று. துளையிட்டாலும் விரிசல் விடுவது குறைவு. ஆனால் விலை அதிகம். பல கடைகளில் கையிருப்பு இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். ஒளிவிலகல் எண் குறைவு என்பதால் அதிக மைனஸ் பவருக்கு ஓரம் பாலியைவிடச் சற்றுத் தடிக்கும்.

அதிக பவர் உள்ள குழந்தைக்கு ‘ஹை இண்டெக்ஸ்’ என்று 1.67, 1.74 எண்ணுள்ள லென்ஸ்களைக் கடையில் பரிந்துரைப்பார்கள். அவை மெலிந்து அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அடியைத் தாங்குவதில் அவை பாலிகார்பனேட்டுக்கும் டிரைவெக்ஸுக்கும் ஈடாகாது. கண்ணாடியை அடிக்கடி கீழே போடும் குழந்தைக்கு, ஓரம் ஒரு மில்லிமீட்டர் மெலிவதைவிட லென்ஸ் உடையாமல் இருப்பது முக்கியம்.

ஆக, பள்ளி வயதுக் குழந்தைக்குப் பாலிகார்பனேட்டே அடிப்படைத் தேர்வு. பணம் இடம் கொடுத்தால், அல்லது நிறப்பிரிவு குழந்தையைத் தொந்தரவு செய்தால், டிரைவெக்ஸ். ஒரு கண்ணில் மட்டும் பார்வை நன்றாக உள்ள குழந்தைக்கு இதில் விருப்பத்துக்கே இடமில்லை. கண்ணாடி போட்ட பிறகும் ஒரு கண்ணின் பார்வை 6/12ஐ எட்டாவிட்டால், நல்ல கண்ணைக் காக்க இந்த இரண்டில் ஒன்றைத்தான் போட வேண்டும். சோம்பேறிக் கண்ணுக்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பலர் இந்த வகையில் வருவார்கள்.

சொன்னது வந்ததா என்று பார்ப்பது

பில்லில் ‘பாலி’ என்று எழுதியிருந்தாலும் பிரேமில் வெட்டிப் பொருத்திய பிறகு லென்ஸைப் பார்த்துப் பொருளைச் சொல்வது கடினம். லென்ஸ் வந்த காகித உறையைக் கேட்டு வாங்கிக்கொள்வதே எளிய வழி. அதில் பவர், விட்டம், ஒளிவிலகல் எண், கோட்டிங் எல்லாம் அச்சிட்டிருக்கும். பாலிகார்பனேட் என்றால் எண் 1.586 அல்லது 1.59 என்றிருக்கும், டிரைவெக்ஸ் 1.53, ஃபைபர் 1.50 அல்லது 1.498.

வீட்டிலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மடிக்கணினியில் வெள்ளைத் திரையைத் திறந்து வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அந்தக் கூலிங் கிளாஸை மெல்லத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்த நிலையில் குழந்தையின் கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்தால், பாலிகார்பனேட் லென்ஸில் வானவில் போன்ற நிறப் பட்டைகள் விரவித் தெரியும். உருக்கி அச்சில் செலுத்தி வார்க்கும்போது பொருளுக்குள் தங்கிவிடும் இறுக்கமே இந்த நிறங்களுக்குக் காரணம். ஃபைபரிலும் டிரைவெக்ஸிலும் இது மிகக் குறைவு.

ஆனால் எந்த லென்ஸாக இருந்தாலும் பிரேமுக்குள் அதை இறுக்கித் திணித்திருந்தால் ஓரத்தில் மட்டும் நிறங்கள் தெரியும். ஆகவே லென்ஸின் நடுப்பகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஓரத்தில் பட்டைகள் நெருக்கமாக இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்: லென்ஸை அளவுக்கு மேல் பெரிதாக வெட்டித் திருகை முறுக்கியிருக்கிறார்கள். அத்தகைய லென்ஸில் திருகுக்கு அருகே கோட்டிங் வெடிக்கவும் விரிசல் தொடங்கவும் வாய்ப்பு உண்டு.

கோட்டிங்: எது தேவை, எது தேவையில்லை

கீறலைத் தடுப்பது ஹார்ட் கோட். சில மைக்ரான் தடிமனுள்ள அரக்குப் பூச்சு அது. ‘ஸ்கிராட்ச் புரூஃப்’ என்ற பெயரில் விற்றாலும் கீறலே விழாத கோட்டிங் கிடையாது. கீறல் விழும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கடினமான மெல்லிய பூச்சு மென்மையான லென்ஸின் மேல் இருப்பதால், மணல் துகளை வைத்து அழுத்தித் தேய்த்தால் பூச்சையும் மீறிக் கீறல் இறங்கும்.

ஹார்ட் கோட் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கோட்டிங் லென்ஸின் இரண்டு பக்கமும் தொழிற்சாலையில் போடப்பட்டதா? சாதாரண பவர்களுக்கு லென்ஸ் தயார் நிலையில், இரு பக்கமும் கோட்டிங்குடன் வரும். இதை ‘ஸ்டாக் லென்ஸ்’ என்பார்கள். சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தாலோ பவர் வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, முன்பக்கம் மட்டும் முடிந்த லென்ஸை எடுத்து, பின்பக்கத்தை ஆய்வகத்தில் கடைந்து பவரைக் கொண்டுவருவார்கள். அப்போது பின்பக்கக் கோட்டிங்கை அங்கேயே போடுவார்கள். சில இடங்களில் அது முன்பக்கத்து அளவுக்குக் கடினமாக இருக்காது. குழந்தை பழைய கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் சீக்கிரம் கீறிவிட்டிருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது, கடைகளில் ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘ஆன்டி கிளேர்’ என்று சொல்லும் பிரதிபலிப்புத் தடுப்புக் கோட்டிங். கோட்டிங் இல்லாத பாலிகார்பனேட் லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 10 சதவீதம். ஏ.ஆர். கோட்டிங் இதைப் பெரிதும் குறைக்கும். வகுப்பறை விளக்கின் நிழல் லென்ஸில் மிதக்காது. கரும்பலகை தெளிவாகத் தெரியும். கோட்டிங் உண்டா என்று அறிய, கூரை விளக்கின் பிரதிபலிப்பை லென்ஸில் பார்த்தால் போதும். அது வெள்ளையாகத் தெரிந்தால் கோட்டிங் இல்லை. மங்கிய பச்சையாகவோ நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் உண்டு.

ஆனால் கண்ணாடியை முரட்டுத்தனமாகக் கையாளும் குழந்தைக்கு ஏ.ஆர். போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். சுற்றிலும் பிரதிபலிப்பே இல்லாத பரப்பில், கீறல் விழுந்த கோடு மட்டும் ஒளிரும். அதனால் அதே அளவு கீறல், ஏ.ஆர். லென்ஸில் அதிகமாகத் தெரியும். விரல் ரேகையும் பளிச்சென்று தெரிவதால் குழந்தை அடிக்கடி துடைக்கும்; அடிக்கடி துடைத்தால் அடிக்கடி கீறும்.

வெப்பம் இன்னொரு எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை விட்டுவிட்டாலோ வெந்நீரில் கழுவினாலோ, பிளாஸ்டிக் லென்ஸ் விரிவடையும் அளவுக்கு மேலேயுள்ள ஏ.ஆர். அடுக்கு விரிவடையாது, அது வலை வலையாக வெடித்துவிடும். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் சிலந்தி வலை போன்ற நுண்ணிய கோடுகள் தெரியும். இதைக் கீறல் என்று நினைத்துக் குழந்தையைத் திட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. கீறல் ஒரு திசையில் ஓடும், நகத்தால் தடவினால் சில வேளை தட்டுப்படும். வெப்ப வெடிப்பு லென்ஸ் முழுவதும் பரவியிருக்கும், நகத்தில் தட்டாது.

ஏ.ஆர். வேண்டும் என்றால் ஹார்ட் கோட்டின் மேல் போட்டதாகவும், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத வழுக்கும் மேலடுக்கு உள்ளதாகவும் வாங்க வேண்டும். அந்த மேலடுக்கு இருந்தால் தூசி எளிதில் வழுக்கி வெளியேறும், அழுத்தித் துடைக்க வேண்டியிராது. அது இல்லாத மலிவு ஏ.ஆர்.தான் ஓரத்திலிருந்து செதில் செதிலாக உரியும். நல்ல ஏ.ஆருக்குப் பணம் போதவில்லை என்றால் நல்ல ஹார்ட் கோட் மட்டும் உள்ள லென்ஸே மேல். மழலைப் பள்ளி வயதில் ஹார்ட் கோட் மட்டுமே போதும். கண்ணாடியைத் தானே கழுவித் துடைக்கத் தெரிந்த வயதில் ஏ.ஆர். சேர்க்கலாம்.

‘புளூ கட்’ கோட்டிங்குக்குக் கூடுதல் பணம் தர வேண்டிய தேவை இல்லை. இது கண் சோர்வைக் குறைக்கிறதா என்று ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, திரையைப் பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறுகிய காலத்தில் இது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. புற ஊதாத் தடுப்புக்கும் தனிக் கட்டணம் தேவையில்லை. பாலிகார்பனேட்டிலும் டிரைவெக்ஸிலும் அது பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இவற்றில் மிச்சமாகும் பணத்தை லென்ஸின் பொருளிலும் ஹார்ட் கோட்டிலும் போடுவதே பயனுள்ளது.

பிரேம்: உடைந்த இடம் சொல்லும் காரணம்

கடைக்குப் போகும்போது உடைந்த கண்ணாடியைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். எங்கே உடைந்தது என்பதிலிருந்து குழந்தை அதை எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்துவிடும்.

காதில் மாட்டும் கை, கீலோடு பிய்ந்து வந்திருந்தால், குழந்தை ஒற்றைக் கையால் இழுத்துக் கழற்றுகிறது என்று பொருள். வலக்கைப் பழக்கமுள்ள குழந்தை வலப்பக்கக் கையைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு முறையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ள கீல், திறக்க வேண்டிய அளவுக்கு மேல் விரியும். இதற்கு ஸ்பிரிங் கீல் உதவும். கை வெளிப்பக்கமாக விரிந்தாலும் ஸ்பிரிங் தாங்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பும். ஆனால் ஸ்பிரிங்கே உடைந்துவிட்டால் சாதாரணக் கீலைப் போலத் திருகு மாற்றிச் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் கையையே மாற்ற வேண்டி வரும். அதனால் அந்த மாடலின் கை தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது.

மூக்குப் பாலம் நடுவே முறிந்திருந்தால், கண்ணாடியின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது உறை இல்லாமல் புத்தகப் பைக்குள் போட்டிருக்கிறார்கள். இதற்கு வளையக்கூடிய நைலான் வகைப் பிரேம் பொருந்தும். கடைகளில் டி.ஆர்.90 என்று சொல்லும் பிரேம்கள் இந்த வகை. இலேசானவை, முறுக்கினாலும் திரும்பி வருபவை. இவற்றின் குறை, வெப்பப்படுத்தி வளைத்து முகத்துக்கு ஏற்றபடி மாற்றுவது கடினம் என்பது. ஆகையால் கடையில் போட்டுப் பார்க்கும்போதே சரியாகப் பொருந்த வேண்டும். முறிந்துவிட்டால் ஒட்டவும் முடியாது. தடித்த அசிட்டேட் பிரேமைச் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்யலாம். ஆனால் திடீர் அடியில் அது முறியும்.

நோஸ் பேடைத் தாங்கும் கம்பிதான் மறுபடி மறுபடி வளைகிறது என்றால், பிரேமோடு சேர்ந்தே வார்த்த மூக்குத் தாங்கி உள்ள பிரேமுக்கு மாறலாம். ஆனால் மூக்குத்தண்டு தட்டையாக உள்ள குழந்தைக்கு அது வழுக்கி இறங்கக்கூடும். அப்படியானால் மென்மையான சிலிக்கான் பேடுள்ள உலோகப் பிரேமே மேல். டைட்டானியம், அல்லது நிக்கலும் டைட்டானியமும் கலந்த நினைவு உலோகத்தில் செய்த பிரேம்கள் வளைத்தாலும் திரும்பும். ஆனால் விலை கூடும். நிக்கல் பட்டால் தோல் அரிக்கும் குழந்தைக்கு நிக்கல் கலந்த பிரேம் வேண்டாம்.

லென்ஸின் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால், பிரேம் ரிம்லெஸ்ஸாகவோ கீழே நைலான் நூல் தாங்கும் ஹாஃப் ரிம்மாகவோ இருந்திருக்கும். லென்ஸின் விளிம்பு திறந்து கிடக்கும் இந்த இரண்டு வகையும் குழந்தைக்கு ஆகாது. லென்ஸை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் முழு ரிம் தேவை.

ஷட்டில், கிரிக்கெட், கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளுக்கு, எவ்வளவு நல்ல பாலிகார்பனேட் லென்ஸ் போட்டிருந்தாலும் தினசரிக் கண்ணாடி போதாது. பந்து பட்டால் லென்ஸ் உடையாமல் இருக்கலாம். ஆனால் பிரேமின் பள்ளத்திலிருந்து பிதுங்கி முழு லென்ஸும் கண்ணை நோக்கித் தள்ளப்படும். விளையாட்டுக்கென்று தயாரான கண்ணாடியில், லென்ஸ் உள்பக்கமாக வர முடியாதபடி பிரேமுக்குள் தடுப்பு விளிம்பு இருக்கும். தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை இருக்கும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்803 என்ற குறியைப் பார்த்து வாங்கலாம்.

ஒரு குழந்தையின் கணக்கு

இந்த முடிவுகள் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.50 பவர். கருமணிகளுக்கு இடையே 56 மில்லிமீட்டர். அவனுடைய பழைய கண்ணாடி மெல்லிய உலோகப் பிரேம். கையின் உள்பக்கத்தில் 50, 16, 130 என்று அச்சிட்டிருக்கிறது. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம். அடுத்தது மூக்குப் பாலத்தின் அகலம். மூன்றாவது கையின் நீளம். ‘வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்’ என்று வாங்கியது. லென்ஸ் 1.50 ஃபைபர், மலிவு ஏ.ஆர். கோட்டிங். இடப்பக்கக் கீல் உடைந்திருக்கிறது. லென்ஸின் முன்பக்க நடுவில் வில் வில்லாகக் கீறல்கள். ஓரத்தில் கோட்டிங் உரிந்திருக்கிறது.

முதலில் அளவு. லென்ஸின் அகலத்தையும் பாலத்தையும் கூட்டினால் 66. சிறுவனுக்கு வேண்டியதோ 56. இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் அளவுக்கு லென்ஸின் மையத்தை மூக்குப் பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். மைனஸ் லென்ஸ் ஓரத்தை நோக்கித் தடித்துக்கொண்டே போகும் என்பதால், இந்தத் தள்ளல் காதுப் பக்க ஓரத்தைத் தடிக்க வைக்கும். நடுவில் 2 மில்லிமீட்டர் இருந்தால் காது ஓரத்தில் சுமார் 5.2 மில்லிமீட்டர் வரும். கனமான முன்பகுதி மூக்கில் இறங்கும், சிறுவன் மீண்டும் மீண்டும் தள்ளிவிடுவான், லென்ஸில் விரல் படும், சட்டையில் துடைப்பான். வில் வில்லான கீறல்களுக்கு வேர் இங்கே இருக்கிறது.

இப்போது லென்ஸ் அகலம் 44, பாலம் 15 உள்ள டி.ஆர்.90 முழு ரிம் பிரேமை எடுத்தால் கூட்டல் 59 வரும். தள்ளல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். பாலிகார்பனேட்டில் நடுத் தடிமனை அதே 2 மில்லிமீட்டராக வைத்தாலும் காது ஓரம் சுமார் 3.6 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். அதாவது, விலை உயர்ந்த ஹை இண்டெக்ஸ் லென்ஸுக்குப் போகாமல், பிரேமின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததாலேயே பெரும்பகுதித் தடிமன் குறைந்துவிடுகிறது. லென்ஸை இன்னும் மெலிதாக்க நடுத் தடிமனை 1 மில்லிமீட்டராகக் குறைக்கலாம் என்று கடையில் சொன்னால் மறுத்துவிட வேண்டும். அடியைத் தாங்கும் வலிமை அந்தத் தடிமனில்தான் இருக்கிறது.

கீல் உடைந்ததற்கு ஸ்பிரிங் கீல். பவர் சாதாரணமானது என்பதால், இருபக்கமும் தொழிற்சாலைக் கோட்டிங் உள்ள ஸ்டாக் லென்ஸே கிடைக்கும். கோட்டிங் உரிந்த அனுபவத்தைப் பார்த்தால், மலிவு ஏ.ஆருக்கு மீண்டும் போவதில் பொருளில்லை. வழுக்கும் மேலடுக்கோடு நல்ல ஏ.ஆர். வாங்க வேண்டும், இல்லையேல் ஹார்ட் கோட் மட்டும். சிறுவன் இன்னும் சட்டையில் துடைப்பவனாக இருந்தால் இந்த முறை ஹார்ட் கோட் மட்டும் போட்டு, துடைக்கும் பழக்கம் மாறிய பிறகு அடுத்த பவர் மாற்றத்தில் ஏ.ஆர். சேர்ப்பதே சரியான கணக்கு.

கடையை விட்டு வெளியேறும் முன் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும். குழந்தை நேராகப் பார்க்கும்போது கருமணி, லென்ஸின் மேல் விளிம்புக்கு அருகே ஒதுங்கிப் போகாமல் நடுவையொட்டி இருக்க வேண்டும். தலையைக் குனிந்து ஆட்டச் சொன்னால் கண்ணாடி வழுக்கக் கூடாது. கை, காதின் மேல் முனையைக் கடந்ததும் வளைந்து இறங்க வேண்டும். முன்னதாகவே வளைந்தால் காதுக்குப் பின்னால் புண்ணாகும். தாமதமாக வளைந்தால் கண்ணாடி நிற்காது. சிரித்தால் கன்னம் பிரேமில் முட்டக் கூடாது. உத்தரவாதம் உண்டு என்றால், அது கோட்டிங் உரிவதற்கா, கீறலுக்கா, பிரேம் உடைவதற்கா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பல உத்தரவாதங்கள் தயாரிப்புக் குறைக்கு மட்டுமே பொருந்தும்.

துடைப்பதும் மாற்றுவதும்

லென்ஸைக் கீறுவது பெரும்பாலும் துணி இல்லை. துணிக்கும் லென்ஸுக்கும் நடுவே சிக்கும் மணல் துகள். தெருப் புழுதியில் உள்ள குவார்ட்ஸ், எந்த லென்ஸ் கோட்டிங்கையும்விடக் கடினமானது. அதனால் துடைப்பதற்கு முன் கழுவ வேண்டும். குளிர்ந்த குழாய் நீரில் காட்டித் தூசியைப் போக்கி, பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து விரல் நுனியால் இரு பக்கமும் மென்மையாகத் தடவி, மீண்டும் கழுவி, நீரை உதறி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணியையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். நெயில் பாலிஷ் அகற்றும் அசிட்டோன் பாலிகார்பனேட்டில் பட்டால் லென்ஸே வெண்மையாகி வெடித்துவிடும். அது அருகில்கூட வரக் கூடாது.

குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டியவை மூன்றுதான்: இரண்டு கையாலும் கழற்றுவது, கழற்றினால் கெட்டியான உறைக்குள் வைப்பது, உறை கையில் இல்லாதபோது லென்ஸ் மேலே பார்க்க மடித்து வைப்பது. முன்பக்க நடுவில் மட்டும் கீறல் கூடுகிறது என்றால், குழந்தை கண்ணாடியைக் கவிழ்த்து வைக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ளலாம்.

கீறிய லென்ஸை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது. தேய்த்தால் கோட்டிங் போய்விடும், பரப்பின் வளைவும் கெடும். பற்பசை தேய்ப்பதும் இதே கேட்டைச் செய்யும். ஓரத்தில் ஒன்றிரண்டு கீறல் இருந்தால் விட்டுவிடலாம். கருமணிக்கு நேராக உள்ள பகுதி மங்கினாலோ, விளக்குகளைச் சுற்றிப் புகைமூட்டம் போலத் தெரிகிறது என்று குழந்தை சொன்னாலோ, லென்ஸை மாற்ற வேண்டும். ஓரத்தில் விரிசல் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. விரிசல் விட்ட லென்ஸ் அடுத்த அடியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பிரேம் நன்றாக இருந்தால் அதே பிரேமில் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழைய லென்ஸின் பவர் இன்னும் பொருந்தினால் அந்தக் கண்ணாடியைப் பிரேமோடு மாற்றுக் கண்ணாடியாக வைத்திருப்பது, புதியது பழுதுக்குப் போகும் நாட்களில் குழந்தை கண்ணாடி இல்லாமல் பள்ளிக்குப் போவதைத் தவிர்க்கும்.